கடைசி வரிசை

என் அக்காவை ஊரில் நாள்காரம்மா என்று கூப்பிடுவார்கள். எங்கள் கிளைக் கால்வாயில் தண்ணீர் வாங்கிப் பயிர் செய்கிற வயல்கள் எல்லாவற்றுக்கும் எப்போது நாற்று விடுவது, எப்போது நடுவது, எப்போது தண்ணீர் கட்டுவது, எந்தச் சந்தைக்கு வெட்டுவது என்று பருவம் தொடங்குமுன் நாள் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். அந்தப் பெயரில் கொஞ்சம் மரியாதை, நிறையக் கிண்டல். கிண்டல் செய்கிறவர்களும் அவள் போட்ட நாளை மீறி ஒரு விதை போட மாட்டார்கள்.

நான் அவளுக்குத் தம்பி. சின்ன லாரி ஒன்று வைத்திருக்கிறேன். சந்தை நாளில் எல்லோர் வயலிலிருந்தும் காலிஃப்ளவரை ஏற்றிக்கொண்டு மொத்தச் சந்தைக்குப் போவது என் வேலை. எனக்கும் விவசாயத்துக்கும் உள்ள உறவு தாமரை இலைத் தண்ணீர்தான். ஆனால் அக்கா போடுகிற நாளை நம்பித்தான் என் சக்கரமும் சுற்றுகிறது. அதனால் அவளோடு சண்டை போடுகிற உரிமை எனக்கு உண்டு என்று நானாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறேன்.

அவள் நாள் போடுகிற முறையைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். எல்லோரும் விதைப்பில் தொடங்கி அறுப்புக்கு வருவார்கள். அவள் சந்தையில் தொடங்கிப் பின்னால் நடப்பாள். இன்ன சந்தைக்குப் பூ போக வேண்டும் என்றால் முந்தின நாள் மாலை வெட்ட வேண்டும். வெட்டுக்குச் சில நாள் முன்னால் பூவின் மேல் இலையைச் சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெயில் பட்டு மஞ்சளாகிவிடும். அதற்கு முன்னால் பூ திரளும் காலம். அப்போது மண் காயவே கூடாது. அதற்கும் முன்னால் நடவு, நடவுக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் நாற்று. கடைசியில் விதைப்பு நாளுக்கு வந்து சேர்ந்ததும், அந்த நாளிலிருந்து கால்வாயில் தண்ணீர் இருக்குமா என்று பார்ப்பாள். இல்லையென்றால் மறுபடி சந்தையிலிருந்து தொடங்குவாள். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். என்னால் கூடவே உட்கார்ந்திருக்க முடியாது.

எல்லோரும் ஒரே நாளில் நட்டால் எல்லோர் பூவும் ஒரே சந்தையில் போய் விழும். விலை தரையில் கிடக்கும். என் லாரியும் அவ்வளவையும் தாங்காது. அதனால் அவள் வயல்களை நான்கு வரிசையாகப் பிரித்தாள். முதல் வரிசை நட்டுப் பத்து நாளுக்குப் பிறகு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது, அப்புறம் நான்காவது. சந்தைக்கு இடைவெளி இல்லாமல் பூ போகும். முதல் மூன்று வரிசையில் யார் யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள். நான்காவது வரிசைக்குக் குலுக்கல் கிடையாது. அது எப்போதும் அக்காவின் வயல்.

அந்தச் சட்டம் அவளே போட்டது. அத்தான் இறந்த பிறகு முதன்முதலாக நாள் போடுகிற வேலை அவள் கைக்கு வந்தபோது, "நாள் போடுறவ கையில பேனா இருக்கு. தனக்கு நல்ல நாளா எடுத்துக்கிட்டான்னு ஒருத்தரும் பேசக் கூடாது. எங்க வயல் கடைசி," என்று சொல்லிவிட்டாள். வேலியே பயிரை மேய்ந்தது என்ற பேச்சு வரக்கூடாதாம். அதில் சிக்கல் இருக்கிறது என்று அன்றைக்கு வேறு யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

"கடைசி வரிசைன்னா கால்வாய் மூடுற நாளை ஒட்டி நிக்கிறது. கால்வாய் ஆபீஸ்காரங்க ஒரு வாரம் முன்னாடி மூடிட்டா நீ என்ன பண்ணுவ?" என்றேன்.

"மூட மாட்டாங்க. எழுதிக் கொடுத்திருக்காங்க."

"எழுதினது அவங்க. காயப்போறது நீ."

"நீ வண்டியை ஓட்டுடா," என்றாள். என் வாயை அடைக்க அவளுக்கு எப்போதும் அந்த ஒரு வாக்கியம் போதும்.

சொல்லப்போனால் பல பருவங்கள் அவள் பக்கம்தான் சரியாக இருந்தது. மற்றவர் பூ எல்லாம் தீர்ந்து சந்தை வெறிச்சோடிக் கிடக்கும்போது அவளுடைய பூ போகும். கமிஷன் கடைக்காரர் எழுந்து வந்து லாரிக் கதவைத் திறப்பார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சென்ற பருவத்துக்கு முன்னால் அக்காவின் மகன் வீட்டுக்கு வந்தான். ஐந்தாறு ஆண்டுகளாக வெளியூரில் குளிர்பதனக் கிடங்கில் வேலை. மனைவியையும் சின்னக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். இந்தப் பருவம் வயலை நானே செய்கிறேன் என்றான். அக்கா முகத்தை நான் பார்த்தேன். சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் அவன் மனைவி தெளிவானவள். சமையலறை வாசலில் நின்று என்னிடமே சொன்னாள்: "ஒரு பருவம் பார்க்கலாம் சித்தப்பா. எங்கண்ணன் அதே கிடங்குல இவருக்கு மேஸ்திரி வேலைக்குச் சொல்லி வச்சிருக்காரு. அறுப்பு முடியற வரைக்கும் காலியா வைக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. பூ நல்லா வந்தா இங்கயே இருப்போம். வரலைன்னா நான் குழந்தையை வச்சிக்கிட்டு இன்னொரு பருவம் காத்திருக்க மாட்டேன்." அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. தப்பு இருந்திருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

அந்தப் பருவத்து நாள் அட்டை போடுகிற கூட்டம் பெட்டி கட்டுகிற கொட்டகையில் நடந்தது. சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் நான் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"இந்த ஒரு தடவை உன் வயலையும் குலுக்கல்ல சேர்த்துக்க. மூணாவது வந்தாக்கூடப் போதும். பையன் வந்திருக்கான்."

"பையன் வந்திருக்கான்னு சட்டத்தை மாத்தினா அதுக்குப் பேரு சட்டமா?"

"ஊருக்காக உன் தலையை நீயே அடமானம் வைக்கிற."

"கடைசி வரிசையில இதுவரைக்கும் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டாள். கெட்டுப்போகாத வரைக்கும் யாரிடமும் பதில் இருக்காது. மகன் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சிரித்தபடி, "விடுங்க மாமா, பந்திக்கு முந்துறவங்க முந்தட்டும்," என்றான். அட்டையின் கடைசிக் கட்டத்தில் அக்கா பச்சை மையால் தன் வயலை எழுதினாள்.

வேலை நன்றாகத்தான் தொடங்கியது. அவன் நாற்றங்காலை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். நாற்று முற்றினால் நட்ட பிறகு செடி வளராமலே குருவிமுட்டை அளவுக்குப் பூ வைத்துவிடும் என்று எங்கிருந்தோ கேட்டுவந்து, நாற்று வயசு தப்பாமல் நட்டான். முதல் வரிசைக்காரர்கள் வெட்டத் தொடங்கினார்கள். நான் லாரியை நிரப்பிக்கொண்டு சந்தைக்குப் போனேன். திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் அவன் வயல் ஓரமாக வண்டியை நிறுத்துவேன். செடிகள் இலை விரித்து நின்றன. இலைக்கு நடுவில் பூ இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. குருத்தை விலக்கிப் பார்த்தால் ஒரு பட்டன் அளவுக்கு வெள்ளையாகத் தெரியும். "இன்னும் நாலு தண்ணி மாமா. அப்புறம் உங்க வண்டிதான்," என்பான்.

இரண்டாவது வரிசை வெட்டில் இருந்தபோது மடைக்காரர் சைக்கிளில் வந்தார். எங்கள் கிளைக்குத் தண்ணீர் திறந்து மூடுவது அவர் வேலை. கொட்டகை வாசலில் சைக்கிளைச் சாய்த்தவர், உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"மேல பெரிய கால்வாய்ல கரை விரிசல் விட்டிருக்கு. உடையறதுக்குள்ள தண்ணியை நிறுத்தி கட்டணும்னு உத்தரவு. நாளைக்கும் நாளான்னைக்கும் உங்க கிளைக்கு வரும். அதோட மூடிடுவாங்க."

"எப்போ திறப்பாங்க?" என்றாள் அக்கா.

"இந்தப் பருவத்துல இல்லம்மா."

மடைக்காரர் மேல் கோபப்பட முடியுமா? கரையில் விரிசல் விட்டதற்கு அவர் காரணமில்லை. கரை உடைந்தால் கீழே இருக்கிற குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்துவிடும். அதனால் மூடியவர்கள் மேலும் கோபப்பட வழியில்லை. யார் மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் அன்றைக்கு எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறு உண்டு. அந்தத் தண்ணீர் உப்பு. மாடு குடிக்காது, காலிஃப்ளவரும் குடிக்காது. ஆக, இருப்பது இரண்டு நாள் கால்வாய்த் தண்ணீர். அது ஒரு வரிசைக்குத்தான் காணும். வெட்டில் இருக்கிற இரண்டாவது வரிசைக்கு இனித் தேவையில்லை. மூன்றாவது வரிசையில் பூ பாதி திரண்டு நிற்கிறது. நான்காவது வரிசையில் பட்டன்.

இந்தத் தடவை நான் அக்காவை ஓரமாகக் கூப்பிடவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டேன். "இத்தனை வருஷம் அவ எல்லாருக்கும் விட்டுக் கொடுத்திருக்கா. இந்த ரெண்டு நாளை அவளுக்கு விடுங்க. கேக்குறதுக்கு எனக்கு வெக்கமில்ல."

மூன்றாவது வரிசையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் கண்ணாடிக்காரர் என்போம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பாதி பாதி எடுத்துக்கலாம்மா. ஆளுக்கு ஒரு நாள்," என்றார். நல்ல மனுஷர். அவருக்கும் அந்தப் பூவை விட்டால் வேறு கதி கிடையாது.

அக்கா அட்டையைப் பார்த்தபடி நின்றாள். அவள் விரல் கட்டத்துக்குக் கட்டம் நகர்ந்தது. சந்தையிலிருந்து பின்னால் நடக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"பாதித் தண்ணி விட்டா மூணாவது வரிசையும் வராது, நாலாவதும் வராது," என்றாள். "உங்களுக்கு இந்த ஒரு தண்ணி கிடைச்சா பூ திரண்டுடும். எங்களுக்கு இன்னும் நாலு தண்ணி வேணும். ஒண்ணு விட்டு என்ன ஆகும்? காயறது ஒரு வாரம் தள்ளிப்போகும். அவ்வளவுதான். நீங்க எடுத்துக்கங்க."

"அக்கா, மேகம் வரலாம். மழை வந்தா..." என்றேன்.

"வந்தா பார்க்கலாம். வராததை நம்பி வந்ததை வீணாக்கச் சொல்றியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்டையைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. அவள் மகன் ஏதாவது சொல்லட்டும் என்று திரும்பினேன். அவன் தூணருகில் அதே இடத்தில்தான் நின்றான். இந்தத் தடவை சாய்ந்துகொள்ளவில்லை.

"நீயாவது சொல்லுடா."

"அம்மா சொல்றது சரிதான் மாமா," என்றான். "அதுதான் கஷ்டமா இருக்கு."

மூன்றாவது வரிசைக்குத் தண்ணீர் பாய்ந்த இரண்டு நாளும் அக்கா வரப்பில் நின்று மடை மாற்றிக் கொடுத்தாள். கண்ணாடிக்காரர் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்த்தார். அவள் போகவில்லை. வாய்க்கால் அவள் வயலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அவள் வயலின் மடை மண் போட்டு அடைத்துக் கிடந்தது. அந்த மண்ணையும் அவள்தான் போட்டிருந்தாள். இரண்டாம் நாள் மாலை தண்ணீர் மெலிந்து, வாய்க்காலில் குட்டை குட்டையாக நின்று, அப்புறம் அதுவும் போனது.

நான் சும்மா இருக்கவில்லை. பழைய கல்குழி ஒன்றில் நல்ல தண்ணீர் தேங்கிக் கிடந்தது. லாரியில் பீப்பாய்களை அடுக்கினேன். நானும் மகனும் அவன் மனைவியும் மொண்டு நிரப்பி, வயலுக்குக் கொண்டுவந்து, செடிக்கொரு செம்பாக வேரில் ஊற்றினோம். ஒரு பாத்தி முடிவதற்குள் முதலில் ஊற்றிய செடியின் அடியில் மண் வெளுத்துவிட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று வாயால் சொல்வது சுலபம். பொரியை ஒவ்வொன்றாக எடுத்து யானை வாயில் போட்டுப் பார்த்தால்தான் அந்தப் பழமொழி புரியும். விடாமல் ஓட்டினோம். குழியின் அடியில் சேறு தெரிந்த பிறகு நிறுத்தினோம். மருமகள் கடைசிப் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இவளைப் போய்க் கல்மனசுக்காரி என்று நினைத்திருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மழை வரவில்லை. மேகம் வந்தது, பார்த்தது, போனது.

மூன்றாவது வரிசைப் பூ அருமையாக வந்தது. கண்ணாடிக்காரர் வயலில் ஒவ்வொன்றும் இரண்டு கை சேர்த்துத் தூக்க வேண்டியதாக இருந்தது. அவற்றை ஏற்றிக்கொண்டு நான் போகிற வழியில்தான் அக்காவின் வயல். அங்கே பூ எலுமிச்சம்பழ அளவில் நின்றுவிட்டது. பிறகு திரளுவதற்குப் பதிலாகக் குருணை குருணையாகப் பிரிந்து, வெயிலில் பழுத்து, ஊதா ஓடியது. வண்டியை நிறுத்தாமல் போய்விடலாமா என்று நினைப்பேன். கால் தானாகவே பிரேக்கை மிதிக்கும். நிறுத்தி இறங்கி என்ன செய்வது? நானும் மகனும் வரப்பில் நின்று பார்ப்போம். மறுபடி ஏறி ஓட்டுவேன்.

கடைசி வரிசைக்கு அவள் குறித்த சந்தை நாள் வந்தது. கமிஷன் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டார். "லோடு இல்லை," என்றேன். "ஐயோ, இன்னைக்கு ஒருத்தர்கிட்டயும் பூ இல்லையே. நல்ல விலை போயிருக்குமே," என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் வைத்துவிட்டேன்.

அந்த வாரமே மகனும் மருமகளும் குழந்தையோடு கிளம்பினார்கள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நான்தான் லாரியில் கொண்டுபோய் விட்டேன். பெட்டிகளைப் பின்னால் ஏற்றும்போது, பூ ஏற்றுகிற இடத்தில் இதை ஏற்றுகிறோமே என்று தோன்றியது. அக்கா பேரனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க மகனிடம் சூடான பால், கம்பளிச் சட்டை, கிடங்கில் குளிர் என்று பேசிக்கொண்டு வந்தாள். வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்து போன பிறகு லாரிக்குத் திரும்பியவள், கதவைத் திறக்கத் தெரியாதவள்போல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் தப்பா போட்டுட்டேனாடா நாளை?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அது உண்மை. உண்மையால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

இந்தப் பருவத்துக்கு நாள் போடுகிற கூட்டம் போன வாரம் நடந்தது. கரை கட்டி முடிந்துவிட்டது. தண்ணீர் வரும் என்கிறார்கள். கொட்டகையில் எல்லோரும் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் எழுந்தார். எல்லோரும் முன்னமே பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"இந்த வருஷம் குலுக்கல் வேண்டாம்மா. முதல் வரிசை உங்களுக்கு. நாங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணியாச்சு."

அக்கா தலையசைத்தாள். அவர்களைப் பார்க்க அவளால் முடியவில்லை. "ரொம்ப சந்தோஷம். ஆனா நட ஆள் இல்லையே. தனியா என்னால முடியாது. இந்தப் பருவம் வயல் சும்மாதான் கிடக்கும். நாள் மட்டும் போட்டுத் தரேன்."

அதன் பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதுக்கு வந்தபோது அவள் நிறுத்தினாள். கடைசிச் சந்தைகளுக்குப் பூ இல்லாமல் போனால் கமிஷன் கடையில் நம் இடத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். "கடைசி வரிசை யாருக்கு?" என்று கேட்டாள். ஒருவர் தரையைப் பார்த்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். அவர்களைத் திட்ட என் நாக்கு எழுந்தது, பிறகு அடங்கிவிட்டது. அந்த இடத்தில் யாரைப் போய் நிற்கச் சொல்வது? அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பச்சைப் பேனாவை மூடினாள். கட்டம் வெறுமையாக இருந்தது. வெறுமையான கட்டத்துக்கும் அவள் நாற்று நாள், நடவு நாள், சந்தை நாள் எல்லாம் கணக்காகப் போட்டிருந்தாள்.

அன்று மாலை மகன் எனக்குத் தொலைபேசியில் பேசினான். பின்னால் கிடங்கு இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. குழந்தை நடக்கிறான் என்றான். குளிர் பழகிவிட்டது என்றான்.

"மாமா, அம்மா நாள் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"கடைசி வரிசைக்கு என்னைக்குச் சந்தை வருது?"

யாருக்கும் இல்லாத அந்தக் கட்டத்தில் இருந்த தேதியைச் சொன்னேன்.

அவன் மனசுக்குள் சந்தையிலிருந்து நாற்று வரைக்கும் பின்னால் நடந்துவிட்டு வருகிறான் என்று எனக்குப் பட்டது.

"நல்ல நாள் மாமா," என்றான். "அன்னைக்கு விலை இருக்கும்."